பத்தடிக்கு இரண்டு அங்குலம்

என் சித்தப்பா வீட்டுப் பின்பக்கக் கழிப்பறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். வீடு கட்டி நான்கு வருடம்தான் ஆகிறது. ஒவ்வொரு முறையும் ஆள் வந்து மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்துவார். தண்ணீர் மடமடவென்று இறங்கும். "துணி, பேப்பர் எதையும் உள்ள போடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் எதையும் போடவில்லை என்று சித்தி சத்தியம் செய்வார்.

நான்காவது தடவை நான் அங்கே இருந்தேன். பின்பக்கச் சேம்பரின் மூடியைத் தூக்கினால், விளிம்பு வரைக்கும் நிற்கிறது. இருபதடி தள்ளி வீட்டு மூலையில் இருக்கும் அடுத்த சேம்பரோ காய்ந்து கிடக்கிறது. அப்படியானால் கோளாறு இந்த இருபதடிக்குள்தான். தோண்டிப் பார்த்துவிடலாம் என்றேன். முதல் பத்தடி மண்ணை எடுத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. குழாய்க்கு அடியில் மூன்று இடத்தில் செங்கல் துண்டு வைத்திருந்தார்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே குழாய் தொட்டில் மாதிரித் தொய்ந்திருந்தது. ஒரு செங்கல்லின் முனை பட்ட இடத்தில் குழாய் நசுங்கி, மயிரிழை கீறலும் விட்டிருந்தது.

இதைப் போட்டவர் வாட்டம் பார்க்காமல் போட்டார் என்று சொல்ல முடியாது. பார்த்துத்தான் போட்டிருக்கிறார். செங்கல் வைத்ததே அதற்காகத்தான். ரசமட்டத்தை வைத்து, குமிழி ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று பார்த்து, ஒதுங்காத இடத்தில் ஒரு துண்டைச் செருகி உயர்த்தியிருக்கிறார். அன்றைக்கு வாட்டம் சரியாகத்தான் இருந்திருக்கும். பிறகு மண்ணைத் தள்ளி மூடினார்கள். இரண்டு மழை பெய்தது. குழாய்க்கு அடியில் இருந்த இளகிய மண் அமுங்கியது. மேலே இருந்த மண் முழுவதும் குழாயின் முதுகில் உட்கார, செங்கல் இருக்கும் இடம் மட்டும் இறங்காமல் நின்றது, மற்ற இடம் இறங்கியது. தொய்ந்த பள்ளத்தில் எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்கும். ஓடுகிற தண்ணீர் சுமந்து வருவதெல்லாம், நிற்கிற தண்ணீருக்கு வந்ததும் அடியில் படியும். சமையலறை எண்ணெய்ப்பசையும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதத்தில் குழாய் மூடிக்கொள்ளும். பிளாச்சால் குத்தினால் வழி கிடைக்குமே தவிர, பள்ளம் அங்கேயே இருக்கும்.

மொத்த லைனையும் பிரித்துப் புதிதாகப் போடுவது என்று முடிவானது. அந்த வேலையை அருகிலிருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாட்டம் எவ்வளவு வேண்டும் என்று பார்க்கலாம். பழைய கொத்தனார்களிடம் ஒரு கணக்கு உண்டு. குழாய் எத்தனை அங்குலமோ அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, ஆறு அங்குலத்துக்கு அறுபதுக்கு ஒன்று. நாற்பதடி நீளம் போனால் ஓரடி இறங்க வேண்டும் என்று பொருள். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதைவிடக் கொஞ்சம் தாராளம். 100 மி.மீ. குழாய்க்கு 57-க்கு ஒன்று, 150 மி.மீ. குழாய்க்கு 100-க்கு ஒன்று என்கிறது. விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் கழிவு தங்காமல் தண்ணீரோடு போகும் என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. வீட்டு வேலைக்கு அறுபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது வசதி. பத்தடிக்கு இரண்டு அங்குலம், ஐந்தடிக்கு ஓர் அங்குலம். இடம் கொடுத்தால் பத்தடிக்கு மூன்று அங்குலம் வரைக்கும் போகலாம்.

"எதுக்கும் இருக்கட்டும், ஆறு இஞ்ச் பைப்பாவே போட்ருங்க" என்று சித்தப்பா சொன்னார். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆறு அங்குலக் குழாய்க்குக் குறைந்த வாட்டம் போதும் என்ற கணக்கு, குழாய் பாதியாவது நிறைந்து ஓடும்போதுதான் செல்லும். ஒரு வீட்டின் இரண்டு கழிப்பறையும் ஒரு சமையலறையும் அதைப் பாதி நிறைக்கவே நிறைக்காது. ஆறு லிட்டர் தண்ணீர் அகலமான குழாயின் அடியில் பாய் விரித்த மாதிரிப் பரவிப்போகும். கெட்டியானது வழியில் தங்கிவிடும். ஒரு குடும்பத்துக்கு நாலு அங்குலமே சரி. கடையில் 110 மி.மீ. என்று கேட்க வேண்டும்.

கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சுவரில் ஏற்றுகிற சாம்பல் நிற எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் வேறு. மண்ணுக்குள் புதைப்பதற்கென்றே செங்கல் நிறத்தில் வருகிற யூஜிடி குழாய் வேறு. பின்னதற்கு ஐ.எஸ். 15328 என்ற தரக்குறியீடு குழாய் மேலேயே அச்சிட்டிருக்கும். நசுங்காமல் தாங்கும் திறனைப் பொறுத்து எஸ்.என். 2, 4, 8 என்று மூன்று வகை உண்டு. வீட்டுக்கு எஸ்.என். 4 வாங்கினோம்.

இனி மட்டம். வேலையைத் தொடங்குகிற இடம் கழிப்பறை என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொடங்க வேண்டியது தெருவில். பாதாளச் சாக்கடை இணைப்புக்காக வெளியே விட்டிருக்கும் தொட்டியில் நம் குழாய் எந்த ஆழத்தில் நுழையலாம் என்பது ஏற்கெனவே முடிவானது. அதை நாம் மாற்ற முடியாது. அங்கிருந்து பின்னோக்கி ஏறிக்கொண்டே வர வேண்டும்.

கொத்தனார் முதலில் டியூப் லெவலை எடுத்தார். ஒளி ஊடுருவும் ரப்பர் டியூபில் தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, வீட்டுத் தரைமட்டத்தைக் காம்பவுண்டுச் சுவர் நெடுகக் கொண்டுபோய் நீலக்கோடு போட்டார். இனி எல்லா ஆழமும் அந்தக் கோட்டிலிருந்துதான். மண்தரை அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருக்கும், அதை நம்பி அளக்கக் கூடாது. சித்தப்பா வீட்டில் மண்தரை, கோட்டுக்குச் சுமார் 18 அங்குலம் கீழே இருந்தது. தெருத் தொட்டியில் குழாய் நுழைய வேண்டிய இடம், கோட்டிலிருந்து 48 அங்குலம்.

லைனின் மொத்த நீளம் அறுபதடி. பின்பக்கச் சேம்பரிலிருந்து வீட்டு மூலைச் சேம்பர் வரை இருபதடி, அங்கே திரும்பி கேட்டுக்குள் இருக்கும் மூன்றாவது சேம்பர் வரை முப்பதடி, அங்கிருந்து தெருவுக்குப் பத்தடி. அறுபதுக்கு ஒன்று என்றால் முறையே 4, 6, 2 அங்குலம் இறக்கம். நடுவில் இருக்கும் இரண்டு சேம்பருக்குள்ளும் ஒவ்வோர் அங்குலம் இறக்கினால் நல்லது. ஆக மொத்தம் 14 அங்குலம்.

இப்போது 48-லிருந்து பின்னோக்கி வாருங்கள். மூன்றாவது சேம்பரிலிருந்து வெளியேறும் இடம் 46, அதற்குள் நுழையும் இடம் 45. மூலைச் சேம்பரில் வெளியேறுவது 39, நுழைவது 38. பின்பக்கச் சேம்பரில் தொடங்குவது 34. மண்தரை கோட்டுக்கு 18 அங்குலம் கீழே என்பதால், தொடக்கத்தில் குழாயின் அடி மண்ணுக்குள் 16 அங்குலத்தில் இருக்கிறது. குழாயின் முதுகுக்கு மேலே ஏறக்குறைய ஓரடி மண். வண்டி ஏறாத பின்பக்கத்துக்கு இது போதும். பத்தடிக்கு மூன்று அங்குலம் என்று ஆசைப்பட்டிருந்தால் இன்னும் ஆறு அங்குலம் மேலே ஏறி, குழாயின் முதுகு மண்ணுக்கு ஆறே அங்குலம் கீழே வந்திருக்கும். வாழைக்கன்றுக்குக் குழி எடுக்கிற மண்வெட்டியே பதம் பார்த்துவிடும். எவ்வளவு வாட்டம் கொடுக்கலாம் என்பதைப் பல நேரம் தெருத் தொட்டிதான் சொல்கிறது.

குழி தோண்டியது ஒன்றரை அடி அகலத்துக்கு. குழாயின் அடி வரவேண்டிய மட்டத்துக்கு இன்னும் நாலு அங்குலம் கீழே போக வேண்டும், மணலுக்காக. சித்தப்பா வீட்டில் கரிசல் கலந்த மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழைக்கு ஊதும். அதனால் ஆறு அங்குலம் எடுத்தோம். தோண்டுகிறவர் ஓரிடத்தில் கூடுதலாகத் தோண்டிவிட்டால், எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மிதித்துச் சமப்படுத்தும் வழக்கம் உண்டு. அந்த இடம்தான் நாளைக்குத் தொய்யும். கூடுதல் பள்ளத்தையும் மணலால்தான் நிரப்ப வேண்டும்.

வாட்டம் பிடிக்கக் கொத்தனார் செய்த வேலை ரசிக்கும்படி இருந்தது. ஒரு லெவல் துண்டின் இரண்டு பக்கமும் கட்டை அடித்து, குழாயின் அடி வரவேண்டிய மட்டத்துக்குச் சரியாக முப்பது அங்குலம் மேலே ஆணி அடித்தார். பின்பக்கத்தில் நீலக்கோட்டுக்கு 4 அங்குலம் கீழே, மூலையில் 8 அங்குலம் கீழே. இரண்டுக்கும் இடையே நூலை விறைப்பாகக் கட்டியதும், அந்த நூலே வாட்டத்தில் நின்றது. பிறகு முப்பது அங்குலத்துக்கு ஒரு சட்டத்தை வெட்டிக்கொண்டார். நூலிலிருந்து சட்டத்தின் கீழ்முனை தொடும் இடம் மணல் மட்டம். கீழ்முனைக்கு 110 மி.மீ. மேலே ஒரு கோடு கிழித்தார், அது குழாயின் முதுகு. அப்புறம் கணக்கே இல்லை. இரண்டடிக்கு ஒருமுறை சட்டத்தை நிறுத்துவது, மணலைக் கூட்டுவது, குறைப்பது.

"நூல் தொய்யாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"இருபதடிக்குப் பரவால்ல தம்பி. முப்பதடி லைனுக்கு நடுவுல ஒரு கட்டை குடுத்துருவேன். இதுவும் கையில இருக்கு பாருங்க" என்று ஒரு மட்டப்பலகையைக் காட்டினார். ஐந்தடி நீளம். ஒரு முனையின் அடியில் ஓர் அங்குலக் கட்டை அடித்திருந்தது. அந்த முனை தாழ்ந்த பக்கம் வரும்படி குழாய் மேல் வைத்து, பலகைமேல் ரசமட்டத்தை வைத்தால், குமிழி நட்டநடுவில் நின்றால் அறுபதுக்கு ஒன்று. 'குமிழி கொஞ்சம் ஒதுங்கினால் போதும்' என்கிற வேலைக்கும் இதற்கும் நிறைய தூரம். முக்கால் அடி ரசமட்டத்தில் குமிழி கொஞ்சம் ஒதுங்குவது எத்தனை அங்குலம் என்று யாராலும் சொல்ல முடியாது.

குழாயைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து மேலே பார்த்துப் போட்டுக்கொண்டு வர வேண்டும். சாக்கெட் வாய் மேட்டுப் பக்கம் பார்த்திருக்கும், அடுத்த குழாயின் முனை அதற்குள் நுழையும். தண்ணீர் ஓடும் வழியில் விளிம்பு எதுவும் எதிர்த்து நிற்காது. ரப்பர் வளையம் வைத்த மூட்டுக்கு சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினார்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் கெட்டுவிடும். கடைசி வரை தள்ளிவிட்டு அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெளியே இழுத்துவிட்டார்கள், வெயிலுக்குக் குழாய் நீள இடம் வேண்டும் என்பதற்காக.

சாக்கெட் வரும் இடத்தில் மணலில் கையளவு குழி பறிக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. சாக்கெட் குழாயைவிடப் பருமன். சமமான மணலில் வைத்தால் சாக்கெட் மட்டும் தரையில் உட்கார்ந்து, குழாய் அந்தரத்தில் நிற்கும். செங்கல் வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. குழி பறித்தால் சாக்கெட் அதற்குள் போய், பத்தடிக் குழாயும் வயிறு முழுக்க மணலில் படியும். பிறகு இரண்டு பக்கமும் மணல் போட்டு, குழாயின் இடுப்புக்கு அடியில் கையாலேயே திணித்தார்கள். மண்வெட்டியால் தள்ளிவிட்டால் அந்த மூலைக்குள் மணல் போகாது, பொந்து நிற்கும். பிளாஸ்டிக் குழாய்க்குத் தனியாகப் பெரிய பலம் கிடையாது. மேலிருந்து பாரம் வரும்போது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். அப்போது பிடித்துக்கொள்வது பக்கத்து மணல்தான்.

சேம்பர்கள் இரண்டுக்கு இரண்டடி. எல்லாமே மேலே நின்றபடி கையெட்டிச் சுத்தம் செய்யக்கூடிய ஆழம்தான். ஆள் உள்ளே இறங்க வேண்டிய தேவையே வரக்கூடாது. குழாய் திரும்பும் இடத்திலும், கிளை வந்து சேரும் இடத்திலும் சேம்பர் வேண்டும். மண்ணுக்குள் எல்போ வைத்துத் திருப்பிவிட்டு மூடினால், அடைப்பு வருகிற முதல் இடம் அந்த எல்போதான்.

சேம்பர் என்றதும் பலர் சதுரத் தொட்டி கட்டி, அடியைச் சமமாகப் பூசிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் அது சிறிய செப்டிக் டேங்க்தான். ஒரு பக்கக் குழாயில் வந்தது தொட்டி முழுக்கப் பரவி, வேகம் இழந்து, மூலையில் காய்ந்து ஒட்டும். தண்ணீர் சேம்பருக்குள் வந்ததே தெரியாமல் கடந்துபோக வேண்டும். அதற்காகக் குழாய் மட்டத்திலேயே அரைவட்ட வாய்க்கால் விட்டு, அதன் இரு கரையையும் குழாயின் முதுகு உயரம் வரை நிமிர்த்தி, அங்கிருந்து சுவர் வரை காரையைச் சரிவாக ஏற்றி வழவழவென்று பூச வேண்டும். மேலே தெறித்தாலும் வழிந்து வாய்க்காலுக்கே வந்துவிடும். மூலைச் சேம்பரில் எங்கள் வாய்க்கால் வளைந்து திரும்பியது. சமையலறையிலிருந்து கல்லி டிராப் வழியாக வந்த கிளையும் ஓட்டத்தின் திசையிலேயே வளைந்து சேர்ந்தது. நேரெதிராக மோதவிட்டால் எதிர்க்கரையில் அழுக்கு ஏறும்.

பிளாஸ்டிக்கும் சிமென்ட்டும் ஒட்டாது. சேம்பர் சுவருக்குள் குழாய் நுழையும் இடத்தில் கொஞ்ச நாளில் மெல்லிய இடைவெளி விழும், அதன் வழியே கசியும். கொத்தனார் அந்த இடத்தில் குழாயின் வெளிப்புறத்தில் பசை தடவி, ஈரம் காய்வதற்குள் மணலைத் தூவினார். காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பானது, காரை அதைப் பிடித்துக்கொண்டது. சுவருக்கு வெளியே இரண்டடிக்குள் ஒரு மூட்டும் வைத்தார். கரிசல் மண்ணில் சேம்பர் கொஞ்சம் இறங்கினாலும் அந்த மூட்டு வளைந்துகொடுக்கும், குழாய் முறியாது.

மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால் தண்ணீர் சோதனை. தாழ்ந்த முனையை அடைத்து, மேட்டு முனையில் எல்போ வைத்து, மேலே ஒரு குழாயை நிறுத்தி, அதில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். கொஞ்ச நேரம் நின்ற பிறகு மட்டத்தைக் குறித்து, பத்து நிமிடம் பார்க்க வேண்டும். குழாயின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு லிட்டர் வரை குறையலாம் என்பது விதி. எங்கள் அறுபதடிக்கு அது இரண்டு டம்ளருக்குள் வருகிறது. முதல் தடவை அதைவிட வேகமாக இறங்கியது. ஒரு மூட்டுக்கு அடியில் மணல் நனைந்து கறுத்திருந்தது. கழற்றினால், ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. மண்ணால் மூடிய பிறகு இதைக் கண்டுபிடிக்க மொத்த வாய்க்காலையும் தோண்ட வேண்டியிருந்திருக்கும்.

சோதனை முடிந்ததும் குழாயின் முதுகுக்கு மேல் ஓரடி வரைக்கும் மணலும் கல்லில்லாத மண்ணும். இந்த ஓரடிக்குக் காலால் மெதுவாக மிதிப்பதோடு சரி. அதற்கு மேல்தான் திமிசுக்கட்டை. மூலைச் சேம்பரிலிருந்து கேட் வரை உள்ள முப்பதடியில் கார் நிற்கும். அங்கே குழாய்க்கு மேலே இரண்டடி மண்கூட இல்லை. மூன்றடியாவது இருந்தால் மண்ணே பாரத்தைத் தாங்கிப் பரப்பிவிடும். இல்லாததால், மணலுக்கு மேலே கம்பி கட்டிய சிறு கான்கிரீட் பலகையை இரு கரையிலும் உட்காரும்படி போட்டார்கள், டயரின் பாரம் குழாயில் இறங்காமல் பக்கத்து மண்ணுக்குப் போவதற்காக. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம்தான். லைனை அதிலிருந்து தள்ளி, எதிர்ச்சுவர் ஓரமாகக் கொண்டுபோனோம். மொட்டைமாடி மழைத்தண்ணீரையும் இதிலேயே விட்டுவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு பெருமழைக்குக் கழிப்பறையில் எதிர்த்து ஏறும் என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

மூடிய மறுநாள் கண்ணாடி வேலை. மூலைச் சேம்பரில் ஒருவர் டார்ச்சைக் குழாய்க்குள் காட்ட, பின்பக்கச் சேம்பரில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். முழு நிலா மாதிரி வட்டம் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. தொய்ந்திருந்தால் வட்டத்தின் ஒரு பகுதி மறைந்து பிறை தெரியும். தண்ணீர் நின்றால் கீழ்ப்பாதியில் வெளிச்சம் மினுங்கும். இருபதடியில் முழு நிலா. முப்பதடியில் விளிம்பில் ஒரு நூலளவு குறைந்தது. அது பக்கவாட்டு விலகல், கீழ்நோக்கியது இல்லை என்று கொத்தனார் சொன்னார். நம்பாமல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தேன். மினுக்கம் இல்லை.

சேம்பர் மூடிகள் அசிங்கமாகத் தெரிகின்றன, டைல்ஸ் போட்டு மூடிவிடலாம் என்று சித்தி ஆரம்பித்தார். டைல்ஸ் பதிக்கிற மாதிரிக் குழிவான மூடியே கடையில் கிடைக்கிறது, தூக்கவும் வரும். அதை வாங்கிக் கொடுத்தோம். மண் மூடும் முன்னால் எடுத்த படங்களையும், ஒவ்வொரு சேம்பரும் சுவர் மூலையிலிருந்து எத்தனை அடி, நீலக்கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் என்று எழுதிய தாளையும் சித்தப்பா வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்.